இறைவரி: சொல்லும் பொருளும்

பேச்சில் ‘டக்ஸ்’ என்றும் கடைப் பற்றுச்சீட்டில் ‘வற்’ என்றும் நாம் காண்பதற்கு யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கில் உரிய சொற்கள் முறையே இறைவரி, பெறுமதி சேர் வரி என்பனவாகும். இரண்டாவதைத் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி என்பர்.

‘இறை’ என்பது அரசனையும் குறிக்கும், அவனுக்குக் குடிகள் செலுத்துவதையும் குறிக்கும். ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்னும் குறளில் (733) இரு பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலம் ‘இறையிலி’ எனப்படும். வரிக்கணக்கைப் பார்த்த அலுவலகம் ‘புரவுவரித் திணைக்களம்’ எனப்படும். தமிழ்நாட்டில் ‘துறை’ என்று சொல்லப்படுவதை நாம் இன்றும் ‘உள்நாட்டு இறைவரித் திணைக்களம்’ என்றே எழுதுகிறோம்.

வரியும் கட்டணமும் ஒன்றல்ல. வாகனத் தரிப்பிடத்தில் செலுத்துவது கட்டணம். வாகனத்தை நிறுத்தாதவர் அதைச் செலுத்த வேண்டியதில்லை. மாநகர சபைக்குச் செலுத்தும் சோலைவரியோ சட்டப்படி கட்டாயமானது. அதற்கு ஈடாக இன்ன சேவை எனக்குத் தரப்பட வேண்டும் என்று எவரும் தனித்துக் கேட்க முடியாது. தெருவிளக்கின் வெளிச்சத்தைப் பணம் தந்தவருக்கு மட்டும் அளந்து கொடுக்க இயலாது என்பதனாலேயே இத்தகைய செலவுகளுக்குக் கட்டணம் போதாமல் வரி தேவைப்படுகிறது.

ஆகவே வருவாய் திரட்டுவதே வரியின் முதல் நோக்கம். அது குறைந்தால் என்ன நேரும் என்பதை நாமே கண்டோம். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளிலும் சலுகைகள் வந்தன. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, அரசின் வருவாய் சரிந்தது. செலவு குறையாதபோது அரசுக்கு எஞ்சும் வழிகள் கடன் வாங்குவதும் பணம் அச்சிடுவதுமே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே விலைவாசியும் கட்டுமீறியது. வரிக்குறைப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று, எனினும் அது முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பின்னர் அதே வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது.

இரண்டாவது நோக்கம் வருமானத்தைப் பகிர்ந்தளிப்பது. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேலுள்ள முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பின்வரும் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 சதவீதம், மிகுதிக்கு 36 சதவீதம். மாதம் 2 இலட்சம் சம்பளம் பெறுபவரின் ஆண்டு வருமானம் 24 இலட்சம். வரிக்கு உட்படுவது 6 இலட்சம் மட்டும். அவர் ஆண்டுக்கு 36,000 ரூபா, அதாவது மாதம் 3,000 ரூபா செலுத்துவார். மாதம் 4 இலட்சம் பெறுபவரோ ஆண்டுக்கு 6 இலட்சம், மாதத்துக்கு 50,000 ரூபா செலுத்துவார். சம்பளம் இரு மடங்கு, வரியோ பதினாறு மடங்குக்கும் மேல். உயர்ந்த வீதம் அவ்வெல்லைக்கு மேற்பட்ட தொகைக்கே பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பள உயர்வினால் கையில் வருவது குறைந்துவிடும் என்ற அச்சம் இதனாலேயே பிழையானது. இப்படித் திரட்டப்படும் பணத்தில் ஒரு பகுதி அஸ்வெசும உதவியாகவும் யாழ். போதனா வைத்தியசாலையின் இலவச சிகிச்சையாகவும் குறைந்த வருமானமுள்ளவரைச் சென்றடைகிறது.

பெறுமதி சேர் வரி இதற்கு எதிர்ப்புறம் இழுக்கிறது. சில அத்தியாவசியப் பொருள்கள் விலக்கப்பட்டிருந்தாலும், 1,000 ரூபாப் பொருளுக்கு 180 ரூபா என்பது கூலித் தொழிலாளிக்கும் மருத்துவ நிபுணருக்கும் ஒன்றே. உழைப்பது முழுவதையும் செலவிடுபவருக்கே அது வருமானத்தில் பெரிய பங்காகிறது. அரசுகள் இதை விடாதிருப்பதற்குக் காரணம், கடையிலேயே வசூலிப்பது எளிது என்பதுதான்.

மூன்றாவது, மக்களின் நடத்தையை மாற்றுவது. 2017 நவம்பரில் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வீதம் வரி விதிக்கப்பட்டது. 40 கிராம் சீனியுள்ள போத்தலுக்கு 20 ரூபா. சீனியைப் பாதியாக்கினால் 10 ரூபா. போத்தலுக்கு ஒரே தொகையென விதித்திருந்தால் சீனியைக் குறைக்க உற்பத்தியாளருக்கு எந்தக் காரணமும் இருந்திராது. இவ்வகை வரி தன் நோக்கத்தில் எவ்வளவு வெல்கிறதோ அவ்வளவுக்கு வருவாய் குறையும். ஆகையால் இதையே நம்பி வரவுசெலவுத் திட்டம் போட முடியாது. மதுவரியில் வேறொரு இடரும் உண்டு. சாராயத்தின் விலை அளவு மீறி ஏறும்போது குடிப்பவர் குடியை விடாமல் கசிப்புக்கு மாறலாம். அப்போது விற்பனைக் கணக்கு குறைந்து காட்டும், குடி குறைந்திராது. எனவே மதுவரியின் பயனை அறிய, விற்பனையோடு கசிப்பு வழக்குகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.