எண்ணாப் பெயர்: நாற்காலியை எண்ணலாம், பர்னிச்சரை?

கோத்தகிரியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, விடுதி அறைக்கு ‘த்ரீ பர்னிச்சர்ஸ்’ வேண்டும் என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தாள். தவறு என்றேன். “மேசை ஒண்ணு, நாற்காலி ரெண்டு. எண்ண முடியுதே மிஸ்?” என்றாள்.

அவள் கேட்டது நியாயம். ‘அன்கவுன்டபிள் நவுன்’ என்பதை ‘எண்ண முடியாத பெயர்ச்சொல்’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பொருளைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள். இங்கே கேள்வி பொருளைப் பற்றியதே அல்ல. அந்தச் சொல் தன் முன்னால் எண்ணை ஏற்குமா என்பதுதான். அதனால் நான் ‘எண்ணாப் பெயர்’ என்கிறேன். எண்ணை ஏற்கும் மற்ற வகையை ‘எண்ணுப்பெயர்’ என்று சொல்லிவிடக் கூடாது. தமிழ் இலக்கணத்தில் அது ஒன்று, இரண்டு முதலியவற்றின் பெயர். ‘எண்ணத்தகு பெயர்’ எனலாம்.

அவள் அம்மா தேயிலை பறிப்பவர். “அம்மா இன்னைக்கு எவ்வளவு எடுத்தாங்க?” என்று கேட்டேன். “25 கிலோ கொழுந்து.” தராசுக்கு வந்த பிறகு கொழுந்துகள் என்று யாரும் சொல்வதில்லை. செடியில் இருக்கும்போது மட்டும் ‘ரெண்டு இலை, ஒரு கொழுந்து’ என்று எண்ணிப் பறிக்கிறோம். ஒரே சொல்லைத் தமிழில் எண்ணவும் செய்கிறோம், நிறுக்கவும் செய்கிறோம். பர்னிச்சர் எப்போதும் தராசில் விழுந்த கொழுந்துதான். மொத்தத்துக்கு அது பெயர். உள்ளே இருக்கும் மேசை நாற்காலிக்குத் தனித்தனிப் பெயர் உண்டு.

அந்தச் சொல் பிறந்த விதமும் இதற்குப் பொருந்துகிறது. ‘தேவையானதைத் தந்து நிரப்பு’ என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது அது. வீட்டுக்குள் நிரப்பிய சாமான் முழுவதும் பர்னிச்சர். தமிழில் ‘அறைகலன்’ என்கிறோம். அறைகலன்கள் என்றால் பிழையில்லை.

சிக்கல் அங்கேதான். அறிவுரைகள், தகவல்கள் என்று ‘கள்’ தாராளமாகச் சேரும் மொழி நம்முடையது. அந்தப் பழக்கத்தில் அட்வைசஸ், இன்பர்மேஷன்ஸ் என்று எழுதிவிடுகிறோம். பிரெஞ்சிலும் இன்பர்மேஷனுக்குப் பன்மை உண்டு. எனவே யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயமல்ல இது; ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து மனத்தில் பதிய வேண்டியது. மாணவர் அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் U என்று இருந்தால் எண்ணாப் பெயர், C என்றால் எண்ணத்தகு பெயர். சில சொற்களுக்கு இரண்டும் இருக்கும்; அங்கே பொருளும் மாறும். பேப்பர் என்றால் காகிதம், எ பேப்பர் என்றால் செய்தித்தாள்.

எண் சொல்லியே ஆக வேண்டுமானால் ‘பீஸ்’ துணைக்கு வரும்: டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ். பன்மை பீசுக்குத்தான், அட்வைசுக்கு இல்லை. ‘மெனி’ வராது, ‘மச்’ வரும். வினையும் ஒருமை: த பர்னிச்சர் இஸ் ஓல்ட்.

கடிதத்தை அவளே திருத்தினாள். ‘த்ரீ பீசஸ் ஆஃப் பர்னிச்சர்’ என்று முதலில் எழுதி, பிறகு அதையும் அடித்துவிட்டு ‘எ டேபிள் அண்ட் டூ சேர்ஸ்’ என்று போட்டாள். விடுதிக்காரருக்கும் என்ன வேண்டுமென்று அதில்தான் தெரியும்.