லாக்-இன் முடியும் முன் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

வாடகை ஒப்பந்தத்தில் "முதல் ஆறு மாதங்களுக்கு வாடகைதாரர் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி மாத வாடகையைக் கட்ட வேண்டும்" என்று ஒரு ஷரத்து இருக்கும். இதைத்தான் லாக்-இன் என்கிறோம். சென்னையிலும் கோவையிலும் இப்போது பெரும்பாலும் புரோக்கர் அனுப்பும் மாதிரி ஒப்பந்தத்தில் இது ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் யாரும் இதைப் பேசுவதில்லை. வேலை மாற்றல் வந்தோ, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயோ, நடுவில் கிளம்ப வேண்டி வரும்போதுதான் அந்த வரி கண்ணில் படுகிறது. அப்போது முழு அட்வான்ஸும் போய்விட்டது என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. பல நேரங்களில் அப்படிப் போக வேண்டியதில்லை.

முதலில், லாக்-இன் வேறு, நோட்டீஸ் காலம் வேறு. எத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்வது லாக்-இன். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது நோட்டீஸ். இரண்டையும் ஒப்பந்தம் எப்படிச் சேர்த்து எழுதியிருக்கிறது என்பதில் ஒரு மாத வாடகை அடங்கியிருக்கிறது. "லாக்-இன் முடிந்த பிறகு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம்" என்று இருந்தால், ஆறு மாதம் முடிந்த பிறகே நோட்டீஸ் கொடுக்க முடியும், ஆக ஏழு மாத வாடகை. "ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது" என்று இருந்தால், ஐந்தாம் மாதக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்து ஆறாம் மாதக் கடைசியில் கிளம்பலாம். லாக்-இன் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பாருங்கள். கையெழுத்துப் போட்ட தேதி, சாவி வாங்கிய தேதி, வாடகை தொடங்கும் தேதி, மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். 11 மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பழைய ஷரத்துகளையே அப்படியே அச்சடித்துவிட்டால், இரண்டாவது வருடத்துக்கும் புதிதாக ஒரு லாக்-இன் தொடங்கிவிடும். ஒரு வருடம் ஒழுங்காக இருந்த வாடகைதாரருக்கு இது தேவையே இல்லை. புதுப்பிக்கும்போது அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, நடுவில் கிளம்பினால் எவ்வளவு? ஒப்பந்தங்களில் பொதுவாக மூன்று விதமாக எழுதுகிறார்கள். லாக்-இன்னில் பாக்கி இருக்கும் மாதங்களின் முழு வாடகை என்பது ஒன்று. எப்போது கிளம்பினாலும் ஒரு மாத அல்லது இரண்டு மாத வாடகை என்று நிலையாக ஒரு தொகை வைப்பது இன்னொன்று. மூன்றாவது, அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொள்வது. இவற்றில் இரண்டாவதுதான் இரு தரப்புக்கும் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் புது ஆள் கிடைக்க ஆகும் காலத்தை ஒட்டிய தொகை அது. மூன்றாவது மோசமானது. லாக்-இன் முடிய பத்து நாள் பாக்கி இருந்தாலும், ஐந்து மாதம் பாக்கி இருந்தாலும் அதில் ஒரே தண்டனைதான்.

எந்த விதமாக எழுதியிருந்தாலும், அந்தத் தொகை தானாகவே கொடுத்தாக வேண்டிய கடனாகிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74 இதைச் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு, குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு. அதற்கு முந்தைய பிரிவு 73இன் விளக்கமும் முக்கியம். இழப்பைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க என்ன வழிகள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. வீட்டு விஷயத்தில் இதன் பொருள்: வாடகைதாரர் போன பிறகு உரிமையாளர் வேறு ஆள் தேட வேண்டும். வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மீதி மாத வாடகையைக் கேட்பது எளிதில் நிற்காது. ஆள் கிடைத்த பிறகு ஒரே வீட்டுக்கு இருவரிடமும் வாடகை வாங்குவதும் நிற்காது.

உச்ச நீதிமன்றம் 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் சொன்னது இதற்குப் பொருந்தும். டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட மனைக்கு அந்த நிறுவனம் கட்டிய 78 லட்சம் ரூபாய் முன்பணத்தை ஆணையம் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பிடிக்க முடியாது என்று நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. லாக்-இன்னையே நேரடியாகப் பேசியது டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டு டவர் விஷன் தீர்ப்பு. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு. மீதி லாக்-இன் காலத்துக்கான வாடகை என்பது ஒப்புக்கொண்ட கடன் ஆகாது, இழப்பீடு கேட்பவர் இழப்பைக் காட்ட வேண்டும் என்றது அந்த அமர்வு. அதே நேரம் இழப்பை எண்ணிச் சொல்வது கடினமாக இருந்து, குறித்த தொகை முன்கூட்டியே நேர்மையாகப் போட்ட மதிப்பீடாகவும் இருந்தால், நீதிமன்றம் அதையே கொடுக்கலாம். கடைகளும் அலுவலகங்களும் பல நேரம் இந்த வகையில் வரும். வாடகைதாரர் கேட்டபடி உள்ளே செலவு செய்து, முதல் இரண்டு மூன்று மாதம் வாடகையும் விட்டுக்கொடுத்த உரிமையாளருக்கு லாக்-இன் தொகையைக் கேட்க வலுவான காரணம் உண்டு. சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்கு அந்தக் காரணம் பொதுவாக இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் மாத வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. ஜூன் 1 முதல் 11 மாத ஒப்பந்தம், அதில் லாக்-இன் ஆறு மாதம், அதாவது நவம்பர் 30 வரை. நோட்டீஸ் ஒரு மாதம். வாடகைதாரருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வருகிறது. ஆகஸ்ட் 25 அன்று எழுத்தில் தெரிவித்து, செப்டம்பர் வாடகையையும் கட்டி, செப்டம்பர் 30 அன்று சாவியைக் கொடுக்கிறார்.

உரிமையாளர் போடும் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: அக்டோபர், நவம்பர் வாடகை 40,000, நோட்டீஸுக்கு 20,000, ஆக அட்வான்ஸ் சரியாகப் போய்விட்டது, பெயின்டிங்குக்கு நீங்கள்தான் இன்னும் தர வேண்டும். இதில் நோட்டீஸ் தொகைக்கு இடமே இல்லை. அவர் ஒரு மாதத்துக்கு மேல் முன்னால் சொல்லியிருக்கிறார், அந்தக் காலத்துக்கு வாடகையும் கட்டியிருக்கிறார். ஆக, கேட்கக்கூடிய உச்சத் தொகை 40,000.

அந்த வீட்டுக்கு அக்டோபர் 16 அன்று அதே வாடகைக்குப் புது ஆள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீடு காலியாக இருந்தது 15 நாள். 31 நாள் மாதத்தில் 15 நாளுக்கான வாடகை சுமார் 9,677 ரூபாய். புது ஆளைப் பிடிக்க உரிமையாளர் கையிலிருந்து புரோக்கருக்குப் பணம் கொடுத்திருந்தால், ரசீது காட்டி அதையும் கேட்பது நியாயம். கொடுத்தது 10,000 என்றால் மொத்தம் 19,677. இதைக் கழித்தால் 40,323 ரூபாய் திரும்ப வர வேண்டும். மின்கட்டணம், பராமரிப்புக் கட்டணம், உடைந்த பொருள் போன்றவை தனிக் கணக்கு. பெயின்டிங்குக்கு ஒப்பந்தத்தில் தொகை இருந்தால் அதுவும் தனி, ஆனால் அதை லாக்-இன் கணக்கோடு கலக்க விடாதீர்கள். நவம்பர் 30 வரை உண்மையாகவே தேடியும் ஆள் வரவில்லை என்றால் உரிமையாளர் 40,000 கேட்பதில் தவறில்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும், அவருக்கும் அந்த வாடகையை நம்பிக் கட்ட வேண்டிய வீட்டுக்கடன் இருக்கலாம்.

சட்டம் இப்படி இருந்தாலும் அட்வான்ஸ் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. 30,000 ரூபாய்க்காக வழக்குக்குப் போக யாரும் விரும்புவதில்லை. அதனால் கிளம்பும் முன் சேர்த்து வைக்கும் சான்றுகள்தான் உங்கள் பலம். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலிலும், முடிந்தால் பதிவுத் தபாலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கு எந்த நேரம் வசதி என்று அதிலேயே எழுதுங்கள். நீங்களே ஆள் பார்த்துக் கொடுத்தால் அவருடைய பெயர், வேலை, தொடர்பு எண்ணை எழுத்தில் அனுப்புங்கள். தகுதியான ஒருவரைக் காரணமில்லாமல் மறுத்தால், இழப்பைக் குறைக்க உரிமையாளர் முயலவில்லை என்பதற்கு அது சான்று. சாவி கொடுக்கும் நாளில் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். சாவி கையில் இருக்கும்வரை வீடு உங்களிடம் இருப்பதாகவே கணக்கு ஓடும். அப்புறம் யார் எப்போது குடிவந்தார் என்பதை அக்கம்பக்கத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கணக்கு முழுவதும் அந்தத் தேதியில்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இங்கே உதவும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. தகராறு வந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பணத்தைப் பிடித்துக்கொண்டு உரிமையாளர் பேசாமல் இருந்தால், முதலில் அந்த ஒரு மாதக் கெடுவைச் சொல்லி, எந்தத் தொகை எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கணக்கு எழுதித் தர வேண்டி வந்தால் கற்பனைத் தொகைகள் பல அங்கேயே விழுந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிய மூன்று வருட ஒப்பந்தத்தைக் காட்டி, இரண்டு வருட லாக்-இன் இருக்கிறது என்று வாதிடுவது கடினம். பதிவாகாத பத்திரத்தின் முக்கிய நிபந்தனைகளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அப்போது அந்த வாடகை பொதுவாக மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகப் பார்க்கப்படும். கடை வாடகைக்கு எடுப்பவர்கள் அபராதத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல்தான் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் மூன்று மாற்றங்களைக் கேட்டுப் பாருங்கள். "வாடகைதாரர் காலி செய்யக் கூடாது" என்பதை "இரு தரப்பும் ஒப்பந்தத்தை முடிக்கக் கூடாது" என்று மாற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் உரிமையாளரும் நடுவில் கிளம்பச் சொல்ல முடியாது. வேலை மாற்றலுக்கு, அதற்கான கடிதத்தைக் காட்டினால், ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று ஒரு விதிவிலக்கு. கடைசியாக, "புதிய வாடகைதாரர் வரும் நாள் வரை மட்டும், அதிகபட்சம் ஒரு மாத வாடகை" என்று அபராதத்துக்கு ஒரு வரம்பு. முதல் இரண்டை மறுக்கும் உரிமையாளர்கள்கூட இந்த மூன்றாவதுக்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதில் அவர் உண்மையில் இழக்கும் பணம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.