லஹார்: லாவா அல்லாத எரிமலை வெள்ளம்

2024 மே மாதம் சுமத்ரா தீவில் மராப்பி எரிமலையின் அடிவாரக் கிராமங்களுக்குள் இரவு நேரத்தில் சேறும் பாறையுமாக வெள்ளம் புகுந்து, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தோனேசியர்கள் அதை ‘லஹார் டிங்கின்’ என்றார்கள். ‘டிங்கின்’ என்றால் குளிர்ந்த என்று பொருள். ஆங்கிலச் செய்திகள் சில அதைக் ‘குளிர்ந்த லாவா’ என்று எழுதிவிட்டன. லாவா குளிர்ந்தால் பாறை. பாறை எப்படி ஊருக்குள் ஓடி வரும்? லஹார் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. எரிமலையைச் சுற்றி மக்களை வெளியேற்றும் எல்லையை எங்கே போடுவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

லஹார் ஜாவா மொழிச் சொல். இந்தியில் அலையைக் குறிக்கும் ‘லஹர்’ வேறு, இது வேறு. எரிமலைச் சாம்பலும் கல்லும் தண்ணீரோடு கலந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வருவதுதான் லஹார். கொதிக்கக் கொதிக்கவும் வரலாம், சில்லென்றும் வரலாம். உருகிய பாறைக் குழம்பு அதில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், லாவா என்ற இத்தாலியச் சொல்லும் முதலில் நேப்பிள்ஸ் பக்கத்தில் மழை பெய்தால் தெருவில் ஓடும் தண்ணீரைத்தான் குறித்தது. பிறகு வெசூவியஸ் மலையில் வழிந்த நெருப்புக் குழம்புக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் பிறந்த சொல் நெருப்புக்குப் போய்விட, தண்ணீர் சேர்ந்த ஆபத்துக்கு உலகம் ஜாவாவிடம் சொல் கடன் வாங்கியது.

கடன் வாங்க வைத்தது கெலுட் எரிமலை. கிழக்கு ஜாவாவில் இருக்கும் இந்த மலையின் வாயில் ஓர் ஏரி இருந்தது. 1919 மே மாதம் மலை வெடித்தபோது, ஏறத்தாழ 4 கோடி கன மீட்டர் தண்ணீர் கொண்ட அந்த ஏரி அப்படியே தூக்கி எறியப்பட்டது. சரிவில் கிடந்த பழைய சாம்பலை வாரிக்கொண்டு இறங்கிய வெள்ளத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், 1922-ல், டச்சு நிலவியலாளர் எஷர் இந்த உள்ளூர்ச் சொல்லை அறிவியல் எழுத்துக்குள் கொண்டுவந்தார். கூடவே பொறியாளர்கள் மலையின் பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து, ஏரியை 20 லட்சம் கன மீட்டருக்கும் கீழே வடித்தார்கள். 1951-ல் மீண்டும் வெடித்தபோது தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய லஹார் வரவில்லை. ஆனால் அதே வெடிப்பு சுரங்கத்தைச் சிதைத்து, மலைவாயையும் ஆழமாக்கிவிட்டது. ஏரி மறுபடி நிரம்பியது. 1966-ல் வெடித்தபோது 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம்தான் தாழ்வான மட்டத்தில் புதுச் சுரங்கம் போட்டார்கள். லஹாருக்கு மலை எவ்வளவு ஆவேசமாக வெடிக்கிறது என்பதைவிட, மேலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது முக்கியம் என்று கெலுட் காட்டியது.

தண்ணீர் ஏரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பனிக்கட்டியாகவும் இருக்கலாம், மழையாகவும் வரலாம்.

பனிக்கட்டியால் வந்த லஹாருக்கு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலைதான் பாடம். 5,300 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் பனிக்கவசம். 1985 நவம்பர் 13 அன்று மாலை மூன்று மணியளவில் ஒரு சிறிய வெடிப்பு. கிழக்கே அடிவாரத்தில் இருந்த அர்மெரோ என்ற ஊரில் சாம்பல் தூறியது. உள்ளூர் வானொலி மக்களைப் பதறாமல் வீட்டிலேயே இருக்கச் சொன்னது. மழை வேறு பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போனது. இரவு 9 மணி 8 நிமிடத்துக்குப் பெரிய வெடிப்பு. எரிமலைகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால் அதுவும் நடுத்தரமானதுதான். வாயிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் தரையை ஒட்டிப் பாய்ந்து பனியைக் கீறி உருக்கின. மொத்தப் பனிக்கவசத்தில் ஒரு சிறு பங்கு உருகியதே போதுமானதாக இருந்தது.

இங்கேதான் லஹாரின் தந்திரம் இருக்கிறது. புறப்படும்போது அது வெறும் கலங்கல் தண்ணீர். செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கும்போது கரையையும் படுகையையும் அரித்துக்கொண்டே வருகிறது. அரித்ததெல்லாம் அதன் உடம்பில் சேருகிறது. ரூயிஸிலிருந்து கிளம்பிய வெள்ளம் வழியில் தன் கன அளவை நான்கு மடங்கு வரை பெருக்கிக்கொண்டது. கன அளவில் பாதிக்கு மேல் மண்ணும் கல்லும் ஆனபின் அது தண்ணீர் போல நடந்துகொள்ளாது. ஈரக் கான்கிரீட் போல இருக்கும், ஆனால் ஆற்றின் வேகத்தில் ஓடும். வீடளவு பாறையையும் மிதக்க வைத்துத் தூக்கி வரும். இதில் நீந்த முடியாது.

லகுனியா ஆற்றின் பள்ளத்தாக்கில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரவு 11.25 வாக்கில் வெள்ளம் அர்மெரோவை எட்டியது. முதலில் வந்தது குளிர்ந்த ஆற்று நீர்தான். சில நிமிடம் கழித்துத்தான் சேறு, அலையலையாக. ஏறத்தாழ 29,000 பேர் வாழ்ந்த ஊரில் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அர்மெரோவுக்கு லாவா வரவே இல்லை.

வெடிப்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் இருந்தது. ஊரோரத்தில் கல்லறைத் தோட்டம் இருந்த மேட்டுக்குச் சேறு எட்டவில்லை. நடந்தே போயிருக்கலாம். ஐந்து வாரம் முன்பே, அக்டோபர் 7-ல், நிலவியலாளர்கள் போட்ட ஆபத்து வரைபடத்தில் அர்மெரோ லஹார் பாதைக்குள் சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது. 1845-ல் இதே இடத்தில் இதே போல வந்த சேற்றில் ஆயிரம் பேர் வரை மாண்டிருந்தார்கள். அந்தப் பழைய சேறு காய்ந்த மேடையின் மீதுதான் ஊரே எழுந்திருந்தது. வரைபடம் இருந்தது, நேரமும் இருந்தது. பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ஓர் ஆள் நின்று, வெள்ளம் வருகிறது என்று கீழே சொல்லும் ஏற்பாடும், சொன்னால் கிளம்ப வேண்டும் என்ற முன்முடிவும் இல்லை.

சரி, வெளியேற்ற எல்லையை எப்படிப் போடுவது? செய்திகளில் ‘பத்து கிலோமீட்டர் சுற்றளவில் மக்கள் வெளியேற்றம்’ என்று படிக்கிறோம். முதலில், அது சுற்றளவு அல்ல, ஆரம். அதைவிட முக்கியமாக, அந்த வட்டம் எல்லா ஆபத்துக்கும் பொருந்தாது. தெறிக்கும் பாறைகளுக்கு வட்டம் சரி. வாயுவும் சாம்பலும் கனன்று பாயும் ஓட்டத்துக்கும் ஓரளவு சரி. ஜாவாவில் மெராப்பி என்று வேறொரு மலை உண்டு. அந்த மலைக்காரர்கள் இந்த ஓட்டத்தைச் செம்மறிக் கம்பளி போலச் சுருண்டு வருவதால் ‘வெடுஸ் கெம்பெல்’ என்பார்கள், அதாவது சடைபிடித்த ஆடு. தமிழில் நான் கனல்மேகப் பாய்வு என்று எழுதுவேன். அதுவும் பள்ளத்தாக்கைக் கண்டால் வட்டத்தை மீறும். 2010-ல் மெராப்பியில் எல்லையைப் பத்திலிருந்து பதினைந்து, பிறகு இருபது கிலோமீட்டர் என்று தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. சாம்பலுக்கு எல்லை காற்றடிக்கும் திசை. அங்கே கவலை தூரத்தைப் பற்றியது அல்ல, கூரையைப் பற்றியது. நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரை இடியும்.

லஹாருக்கு எல்லை ஆறு. மலையிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஆற்றங்கரை ஊர் ஆபத்தில் இருக்கிறது. பத்தே கிலோமீட்டரில் இருந்தாலும் மேட்டில் இருக்கும் ஊர் லஹாரிலிருந்து தப்பும். வரைபடம் போடுபவர்கள் பழைய லஹார் படிவுகளை அளந்து கண்ட ஒரு சூத்திரத்தை வைத்துத் தொடங்குகிறார்கள். 1998-ல் ஆய்வாளர் ஐவர்சனும் கூட்டாளிகளும் வெளியிட்டது அது:

B = 200 × V^(2/3)

V வெள்ளத்தின் கன அளவு, கன மீட்டரில். B அது மூடக்கூடிய பரப்பு, சதுர மீட்டரில். ஒரு கோடி கன மீட்டர் வெள்ளம் என்று வைத்துக்கொண்டால் மூடும் பரப்பு ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர். பத்துக் கோடி என்றால் 43. வெள்ளம் பத்து மடங்கானால் பரப்பு ஐந்து மடங்குகூட ஆவதில்லை. எனவே கன அளவைக் கணிப்பதில் கொஞ்சம் தவறினாலும் வரைபடம் ஒரேயடியாகப் பொய்த்துவிடாது. ஆனால் இது பள்ளத்தாக்கின் வடிவம் மாறாது என்று நம்பிப் போடும் கணக்கு. ஒரு லஹார் ஆற்றுப்படுகையைத் தூர்த்துவிட்டுப் போனால், அடுத்தது கரை தாண்டி வேறு வழியில் போகும். வரைபடத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் திருத்த வேண்டும்.

எல்லை தெரிந்தபின் மிச்சம் நேரக் கணக்கு. பள்ளத்தாக்கின் மேலே தரையதிர்வு உணரிகளைப் பதிக்கிறார்கள். நிலநடுக்கத்தைவிட வேகமாக, பொடிப்பொடியாக அதிரும் நடுக்கம் லஹாருக்கு உரியது. வெள்ளம் ஊரை எட்ட ஆகும் நேரத்தில், உறுதிப்படுத்தவும் சைரன் ஒலிக்கவும் ஆகும் நிமிடங்களைக் கழித்தால் வருவதுதான் மக்களுக்கு நடக்கக் கிடைக்கும் நேரம். அதற்குள் கால்நடையாக எட்டும் மேடு எது என்று ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேருந்தை நம்பும் திட்டம் பாலத்தில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் லஹார் முதலில் அடித்துக்கொண்டு போவது பாலத்தைத்தான். நியூசிலாந்தில் 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ருவாபெஹு மலையின் ஏரி உடைந்து வந்த லஹார் டாங்கிவாயில் ரயில் பாலத்தைச் சேதப்படுத்த, அதன் மீது வந்த ரயில் கவிழ்ந்து 151 பேர் இறந்தார்கள். அன்று மலை வெடிக்கவே இல்லை. 2007 மார்ச்சில் அதே ஏரி மறுபடி உடைந்தபோது உணரிகள் சொல்லிவிட்டன. சாலையும் ரயிலும் நிறுத்தப்பட்டன, யாரும் சாகவில்லை.

இனி தமிழ்ச் சொல். ‘மண்சரிவு’ பொருந்தாது. அது சரிவில் இடிந்து விழுவது, இது ஆற்றில் ஓடி வருவது. ‘எரிமலைக் குழம்பு’ லாவாவுக்கு உரியது. ‘சேற்றுப்பாய்வு’ சரிதான், ஆனால் மெதுவாக ஊர்ந்து வருவது போலத் தொனிக்கிறது. நான் ‘எரிமலைச் சேற்றுவெள்ளம்’ என்றே எழுதுவேன். வெள்ளம் என்று கேட்டதும் ஆற்றங்கரைக்காரர் யாரும் மேட்டைத்தான் தேடுவார். பாறைகளை அந்தச் சொல் காட்டாது என்ற குறை உண்டு. அதனால் முதல் முறை லஹார் என்று சொல்லி, ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லைப் புழங்கலாம். ‘லஹார் டிங்கின்’ என்பதற்கு ‘குளிர்’ என்று போடுவதைவிட, இந்தோனேசிய ஆய்வாளர்களே இப்போது சொல்லும் ‘லஹார் ஹுஜான்’ என்பதைப் பின்பற்றி ‘மழைச் சேற்றுவெள்ளம்’ எனலாம். ஹுஜான் என்றால் மழை. வெடிப்பு முடிந்த பிறகும் சரிவில் சாம்பல் கிடக்கும் வரை ஒவ்வொரு பெருமழைக்கும் இது வரலாம். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தது 1991-ல். பகோலோர் ஊர் பெருமளவு புதைந்தது 1995 அக்டோபரில்.