ஓணம் தூக்கிவிட்ட கோடு

மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் விற்கும் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதங்களில் விளம்பரத்துக்கு 2, 3, 4, 5, 6 ஆயிரம் ரூபாய் செலவாகியிருக்கிறது. விற்பனை முறையே 80, 84, 79, 85, 82 ஆயிரம். ஆறாவது மாதம் ஓணம் வந்தது. அப்போது விளம்பரம் 10 ஆயிரம், விற்பனை 190 ஆயிரம்.

விளம்பரம் விற்பனையைக் கூட்டுகிறதா என்று பார்க்க, இந்தப் புள்ளிகளுக்கு நடுவே நன்றாகப் பொருந்தும் ஒரு நேர்கோட்டைப் போடுவது வழக்கம். 2ஆம் வரிசையிலிருந்து விளம்பரத்தை A பத்தியிலும் விற்பனையை B பத்தியிலும் போட்டு, அந்தக் கோட்டின் சாய்வையும் ஆர் ஸ்கொயரையும் எக்செல்லில் இப்படிக் கேட்கலாம். விற்பனைதான் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சாய்வு தப்பாகிவிடும்.

```
=SLOPE(B2:B7,A2:A7)
=RSQ(B2:B7,A2:A7)
```

சாய்வு 13.6 என்று வரும். அதாவது விளம்பரம் ஆயிரம் ரூபாய் கூடிய மாதத்தில் விற்பனை சராசரியாக ரூ.13,600 கூடியிருக்கிறது. ஆர் ஸ்கொயர் 0.76. மாதத்துக்கு மாதம் விற்பனையில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் 76 சதவீதம் இந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒத்துப்போவது வேறு, விளம்பரத்தால் விற்றது வேறு.

இப்போது ஓண மாதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சாய்வு 0.5, ஆர் ஸ்கொயர் 0.10! மொத்தக் கோட்டையும் ஒரே ஒரு புள்ளி தூக்கிப் பிடித்திருக்கிறது. மார்த்தாண்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். ஓணம் இங்கே வீட்டுப் பண்டிகை. இலையில் உப்பேரி வைக்க ஜனங்கள் எப்படியும் சிப்ஸ் வாங்குவார்கள். கடைக்காரரும் அது தெரிந்துதான் அந்த மாதம் விளம்பரத்தைக் கூட்டுகிறார். இரண்டையும் ஏற்றியது ஓணம். கோட்டுக்கு அது தெரியாது, பெருமை முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதனால்தான் புள்ளிகளை வரைந்து பார்க்காமல் ஆர் ஸ்கொயரை எழுதவே கூடாது என்பேன்.

சரி, 0.5 மட்டும் உறுதியா? அதுவும் இல்லை. ஐந்தே புள்ளிகள் என்பதால் உண்மையான சாய்வு இருக்கக்கூடிய வரம்பு, அதாவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, ஏறத்தாழ −2.3 முதல் 3.3 வரை போகிறது. விளம்பரத்தால் பலனே இல்லாமலும் இருக்கலாம், ஓரளவு இருக்கவும் செய்யலாம். ஆனாலும் இதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியும். நூறு ரூபாய் விற்பனையில் இருபது ரூபாய் லாபம் என்றால், விளம்பரக் காசு திரும்பி வரவே சாய்வு 5 ஆக வேண்டும். இடைவெளியின் மேல் முனைகூட அதைத் தொடவில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: "சாதாரண மாதங்களில், 2 முதல் 6 ஆயிரம் வரையிலான செலவில், விளம்பரம் தன் காசை மீட்டதாகத் தெரியவில்லை. ஓண மாத விளம்பரத்தின் பலனை ஒரே ஓணத்தை வைத்துச் சொல்ல முடியாது."