புதுப் பின்னணியில் முடியிழைகள் வெளிறித் தெரிவது ஏன்?

வடபழனியில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, ஒரு நிச்சயதார்த்தப் படம் நல்ல பாடம் கற்றுக்கொடுத்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில், வெளிர்பச்சைச் சுவரின் முன்னால், மாலைக் கடற்காற்று வீசும் நேரத்தில் பெண்ணை நிற்கவைத்து எடுத்திருந்தார்கள். அந்தச் சுவரை நீக்கிவிட்டு அடர் மெரூன் பின்னணி வைக்க வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். காதோரமும் உச்சியிலும் பறந்த இழைகளை ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடுதான் ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பினேன். அச்சான பக்கத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா, "பொண்ணு தலையைச் சுத்தி என்ன சார், தூசி படிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். கருப்பாக இருக்க வேண்டிய இழைகள் மெரூனை விட வெளிறி, சாம்பல் பூத்தாற்போல நின்றன.

தவறு எங்கே என்று புரிய, ஓர் இழையின் பருமனைக் கணக்கிட்டுப் பார்ப்பது உதவும். 24 மெகாபிக்சல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, சுமார் 1.2 மீட்டர் உயரம் படத்தில் அடங்குமாறு எடுத்தால், அந்த உயரம் 6000 பிக்சல்களில் பதிகிறது. அதாவது ஒரு பிக்சலுக்கு 0.2 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனோ சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஆகவே தனியாகப் பறக்கும் இழை எந்தப் பிக்சலையும் முழுதாக நிரப்புவதில்லை. மூன்றில் ஒரு பங்கு முடியும் மீதி சுவருமாக இரண்டின் நிறமும் கலந்தே அங்கே பதிகிறது. பென் டூலால் எவ்வளவு பொறுமையாக வெட்டினாலும் இழைகள் நிற்காததன் காரணம் இதுவே, ஏனெனில் வெட்டுவதற்கு அங்கே விளிம்பு என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பிக்சலிலும் முடி எத்தனை பங்கு என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் கண்டுபிடிப்பதைத்தான் ஆல்பா மேட்டிங் என்கிறோம். அதன் அடிப்படை ஒரே ஒரு சமன்பாடு:

```
I = α·F + (1 − α)·B
```

I என்பது படத்தில் நாம் காணும் நிறம், F முடியின் உண்மையான நிறம், B சுவரின் நிறம், α முடியின் பங்கு. மெரூன் பின்னணியில் நான் செய்த பிழை இந்த வரியிலேயே இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக, முடியின் நிறம் (30, 22, 18), சுவர் (150, 190, 140), பங்கு 0.3 என்று கொண்டால், கேமராவில் பதிந்த நிறம் (114, 140, 103) ஆகிறது. பார்த்தால் அது மங்கிய பச்சை. நான் ஆல்பாவைச் சரியாக எடுத்துவிட்டு, அந்த மங்கிய பச்சையையே முடியின் நிறமாகக் கொண்டு (90, 20, 30) என்ற மெரூன் மேல் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் கிடைப்பது (97, 56, 52), அதாவது மெரூனை விட வெளிச்சமான ஓர் இழை. முடியின் உண்மையான நிறத்தை வைத்திருந்தால் (72, 21, 26) கிடைத்திருக்கும். அது மெரூனை விட இருண்டது, முடி என்று கண்ணுக்குத் தெரிவது. மாஸ்க் துல்லியமாக இருந்தும் இழை கெட்டதற்குக் காரணம், பழைய சுவர் அந்த நிறத்துக்குள்ளேயே ஒளிந்து வந்ததுதான்.

அப்படியானால் சுவரின் நிறத்தைக் கழித்து, ஆல்பாவால் வகுத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். நானும் செய்து பார்த்தேன். ஆல்பா 0.1 ஆக இருக்கும் இழை நுனியில், சுவரின் நிறத்தை 3 அளவு மட்டும் தவறாகக் கணித்தாலும் முடியின் நிறத்தில் 27 அளவு பிழை வருகிறது. நுனிகள் எல்லாம் புள்ளிபுள்ளியாக மின்னுகின்றன. அதனால் அருகிலுள்ள உறுதியான முடிப்பகுதியின் நிறத்தைச் சீராக நுனிவரை பரப்பும் கணக்கு முறைகளையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு PyMatting என்ற இலவச நூலகம் போதும்:

```python
from pymatting import *

image = load_image("mudi.png", "RGB")
trimap = load_image("trimap.png", "GRAY")
alpha = estimate_alpha_cf(image, trimap)
fg = estimate_foreground_ml(image, alpha)
save_image("cutout.png", stack_images(fg, alpha))
```

இதில் கடைசிக்கு முந்தைய வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். போட்டோஷாப்பில் வேலை செய்பவர்களுக்கு, Select and Mask பலகையில் உள்ள Decontaminate Colors இதற்கு நிகரான வேலையைச் செய்கிறது. அது பிக்சலின் நிறத்தையே மாற்றுவதால் விடையைப் புது லேயரிலோ புது ஆவணத்திலோதான் தரும்.

மேலே உள்ள கணக்குக்கு டிரைமேப் என்ற வழிகாட்டிப் படம் தேவை. நிச்சயமாக ஆள் என்று தெரியும் இடத்தை வெள்ளையாகவும், நிச்சயமாகச் சுவர் என்ற இடத்தைக் கருப்பாகவும், சந்தேகமான பட்டையைச் சாம்பலாகவும் தீட்ட வேண்டும். அந்த நிச்சயதார்த்தப் படத்தில் இழைகள் தலையிலிருந்து 3 சென்டிமீட்டர் வரை, அதாவது 150 பிக்சல் வரை பறந்திருந்தன. முதல் முயற்சியில் நான் 40 பிக்சல் அகலத்துக்கே சாம்பல் தீட்டியதால், இழைகள் எல்லாம் தலையைச் சுற்றி ஒரே தூரத்தில், சீவிவிட்டதுபோல நின்றுவிட்டன. அப்படி ஒரே சீராக இழைகள் முடிந்தால், பட்டை குறுகலாக இருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளலாம். தேவைக்கு மிஞ்சி அகலமாக்கினாலும் தொல்லைதான். சுவரின் கறையும் வெடிப்பும் முடியாக எண்ணப்பட்டு மங்கலான புகைபோல வந்து சேரும். காதுக்கும் பின்னலுக்கும் இடையே சுவர் தெரியும் சின்னச் சந்துகளை வெள்ளையில் அடக்கிவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. அங்கே ஒரு பச்சைத் துண்டு அப்படியே தங்கிவிடும்.

முழு 24 மெகாபிக்சல் படத்தையும் இந்தக் கணக்குக்குக் கொடுத்தால் கணினியின் நினைவகம் திணறும். தலைப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுப்பது என் வழக்கம். முடிவைச் சரிபார்க்க, அதே கட்டிங்கை வெள்ளை, கருப்பு, அடர் சிவப்பு என மூன்று பின்னணிகளில் வைத்து 200 சதவீதப் பெரிதாக்கத்தில் பார்க்கிறேன். பச்சைச் சாயல் எஞ்சியிருந்தால் சிவப்பில் தப்பாமல் தெரிந்துவிடும். வெள்ளையில் மட்டும் பார்த்து அனுப்பியதுதான் அன்றைக்கு என்னை ஏமாற்றியது.

இந்த முறை கைவிடும் இடங்களும் உண்டு. கரிய சுவரின் முன்னால் நிற்கும் கருங்கூந்தலில் F, B இரண்டும் ஒன்றாகிவிடுவதால், ஆல்பாவைப் பிரித்தறிய எந்தத் தடயமும் இருக்காது. கைபேசிச் செயலி வழியாகச் சுருங்கி வந்த படத்திலும் அப்படித்தான்: JPEG சுருக்கத்தில் பெரும்பாலும் நிறத் தகவல் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், இழையின் நிறம் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் வழிந்திருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்கிவிடுகிறேன். அதுவும் கிடைக்காதபோது, தொலைந்த இழைகளில் ஏழெட்டை மட்டும் மெல்லிய பிரஷால் வரைந்து சேர்த்து, அவை வரைந்தவை என்பதை வீட்டாரிடம் அச்சுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.