ஒரு பிட் புரண்டால் 120 என்பது 920 ஆகும்

பட்டறையில் நேராக ஓடிக்கொண்டிருந்த சிறு வண்டி ஒன்று, இடது சக்கரம் மட்டும் சட்டென்று வேகமெடுத்துச் சுவரில் போய் மோதியது. ராஸ்பெரி பை அனுப்பியது `L120 R120`. மோட்டாரை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலரில் பதிவானதோ `L920 R120`. `1` என்ற எழுத்து 0x31, `9` என்பது 0x39. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். மோட்டார் ஒயரிலிருந்து வந்த இரைச்சல் அதைப் புரட்டிவிட்டது.

இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க எல்லா பைட்டுகளையும் எக்ஸ்ஆர் செய்து கடைசியில் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இதே வரியில் இரண்டு `1`களும் `9` ஆனால் எக்ஸ்ஆர் விடை மாறவே மாறாது. இரண்டு சக்கரமும் 920-இல் பாயும். அதனால் சிஆர்சி-8 (0x07) என்ற சரிபார்ப்பு பைட்டை வைத்தேன். இவ்வளவு சின்னச் செய்தியில் எந்த இரண்டு பிட் புரண்டாலும் அது பிடித்துவிடும்.

அடுத்த சிக்கல், செய்தி எங்கே தொடங்குகிறது என்பது. முதலில் 0xAA, பிறகு நீளம் என்று அனுப்புவது வழக்கம். ஆனால் தரவுக்குள்ளேயே 0xAA வரலாம். நீளத்தில் பிழை வந்தால் இன்னும் மோசம்: பெறும் பக்கம் வராத பைட்டுகளுக்குக் காத்திருந்து, அடுத்து வரும் நல்ல செய்திகளையும் விழுங்கிவிடும். காப்ஸ் (`COBS`) முறையில் தரவிலுள்ள சுழியங்களை எல்லாம் நீக்கி, 0x00-ஐ முடிவுக்குறியாக மட்டும் வைத்துக்கொள்கிறோம். எது கெட்டாலும் அடுத்த 0x00 வந்ததும் புதிதாகத் தொடங்கலாம். வேகத்தை எழுத்தாக அல்லாமல் இரண்டு பைட் எண்ணாக அனுப்புகிறேன்; 120 என்பது 78 00. வரிசை எண் 7, இரு வேகமும் 120 என்றால்:

```
தரவு + CRC : 07 78 00 78 00 A1
அனுப்புவது : 03 07 78 02 78 02 A1 00
```

முதலில் வரும் 03, மூன்று பைட் தள்ளி ஒரு சுழியம் இருந்தது என்று சொல்கிறது. மொத்தம் 8 பைட். 115200 வேகத்தில் 0.7 மில்லிவினாடிதான். வெறும் குப்பை வந்தாலும் 256-இல் ஒரு முறை சிஆர்சி தற்செயலாகப் பொருந்திவிடும். ஆகவே பிரித்த தரவு சரியாக 6 பைட் இல்லையென்றாலோ, வேகம் வரம்பைத் தாண்டினாலோ தூக்கி எறிந்துவிடுகிறேன்.

சரி, கெட்ட செய்தியை எறிந்தாயிற்று, மோட்டார்? அது பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பை 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. 200-க்குள் நல்ல செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்த வேண்டும். இங்கேதான் நான் அடிக்கடி ஒரு தவறைப் பார்க்கிறேன்: ஏதாவது பைட் வந்தாலே டைமரைப் புதுப்பித்துவிடுகிறார்கள். கேபிளில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தாலும் வண்டி நிற்காது. சிஆர்சி சரியான பிறகே டைமரைத் தொடுங்கள்.

அப்புறம், எறிந்த செய்திகளை எண்ணி பைக்குத் திருப்பி அனுப்புங்கள். எங்கள் வண்டியில் மோட்டார் திசை மாறும்போது மட்டும் அந்த எண்ணிக்கை ஏறியது. மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்த சீரியல் கேபிளைப் பிரித்து, அதன் கிரவுண்ட் ஒயரைக் கூடவே முறுக்கிக் கொண்டுபோனோம். எண்ணிக்கை ஏறுவது நின்றது.