மூன்று கொட்டேஷன் இருக்கிறதே, அப்புறம் என்ன?

அறக்கட்டளைக் கணக்கைத் தணிக்கை செய்யும்போது காதில் விழுந்துகொண்டே இருக்கும் பதில் இது. மூன்று தாள் கோப்பில் இருந்தால் கொள்முதல் சுத்தம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கடலூரில் புயல் நிவாரணத்துக்கு 300 தார்ப்பாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 620 ரூபாய், மொத்தம் 1,86,000. அறக்கட்டளையின் விதிப்படி 50,000 வரை மேலாளரே வாங்கலாம். அதற்கு மேல் மூன்று கொட்டேஷனும் பொருளாளர் ஒப்புதலும் வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அறங்காவலர் கூட்டத் தீர்மானம் வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில், ஒரே கடையில், 75 தார்ப்பாய்க்கு ஒன்றாக நான்கு பில். ஒவ்வொன்றும் 46,500. விதி மீறப்படவில்லை, ஆனால் எந்தப் பில்லும் கூட்டத்துக்கு வரவேயில்லை.

ஓட்டை விதியில்தான் இருக்கிறது. "50,000 ரூபாய் வரை" என்று மட்டும் எழுதினால் பில்லைத்தான் எண்ணுவார்கள். இப்படி எழுதுங்கள்: "ஒரே தேவைக்காக 30 நாளுக்குள் வாங்கும் பொருள்களின் மொத்த மதிப்பு, வரியும் வண்டிக் கூலியும் சேர்த்து."

சரி, மூன்று கொட்டேஷன் வந்தாலும் ஜிஎஸ்டி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. அடுத்த பத்து எழுத்து பான் எண். கடலூர்க் கடை 33, புதுச்சேரிக் கடை 34 என்று வேறு வேறாகத் தெரியும். நடுவில் உள்ள பத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே முதலாளியுடையவை. கணவன் பெயரில் ஒரு கடை, மனைவி பெயரில் ஒரு கடை என்றால் பான் வேறாக இருக்கும்; இந்தச் சோதனையில் சிக்காது. முகவரி, கைபேசி எண், எழுத்துப்பிழை வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டேஷன் கேட்பவரும் ஒப்புதல் தருபவரும் சரக்கை எண்ணி வாங்குபவரும் ஒருவராகவே இருக்கவும் கூடாது.

அறங்காவலரின் மச்சான் கடையில் வாங்கவே கூடாது என்று சிலர் பயப்படுகிறார்கள். வருமான வரிச் சட்டம் அப்படித் தடுக்கவில்லை. நெருங்கிய உறவினருக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்தால்தான் வரிவிலக்குக்கே ஆபத்து. அதனால் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே அந்த அறங்காவலர் உறவை எழுத்தில் சொல்லட்டும். அந்தப் பொருள் பேசப்படும்போது அறையை விட்டு வெளியே போகட்டும். கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையில் அவரைச் சேர்க்காதீர்கள். அவர் போன நேரமும் திரும்பிய நேரமும் மினிட்ஸில் வரவேண்டும். பிறகு உட்கார்ந்து எழுதிய மினிட்ஸ் படித்தாலே தெரிந்துவிடும்.

புயல் நேரத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. 2011-இல் 'தானே' என்ற புயலைப் பார்த்த ஊர் கடலூர். அவசரத்துக்குத் தனி விதி வையுங்கள்: இரண்டு அறங்காவலர்கள் வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒப்புதல், அதற்கொரு உச்சவரம்பு, 7 நாளுக்குள் கூட்டத்தில் பதிவு. உறவை அறிவிப்பதற்கு மட்டும் அவசர விலக்கு வேண்டாம். அதை ஏப்ரல் மாதமே எல்லா அறங்காவலரிடமும் மேலாளரிடமும் வாங்கி வைத்துவிடலாம்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தார், சம்பந்தி வீடு, இவர்களில் யாருக்கு என்ன கடை என்று ஒரு பக்கம்.